நான்கு துணிக்கு ஒரு ரூபாய்

ஐந்து வருடங்களுக்கு முன், பெரியவளுக்கு ஒன்பது வயதும் சின்னவனுக்கு ஐந்து வயதும் நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு விலைப்பட்டியல் ஒட்டினேன். ஹாலைப் பெருக்கினால் மூன்று ரூபாய். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துப் போட்டால் இரண்டு ரூபாய். காய்ந்த துணியை மடித்தால் நான்கு துணிக்கு ஒரு ரூபாய். வேலையும் நடக்கும், பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் காசும் ஆகும், உழைத்தால்தான் பணம் என்பதும் புரியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் வாரம் வீடு பளிச்சென்று இருந்தது. இரண்டாவது வாரம் துணிக்கூடையைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கைக்குட்டை, காலுறை, தம்பியின் பனியன் எல்லாம் அழகாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. படுக்கை விரிப்பும் அவள் அப்பாவின் வேட்டியும் என் புடவைகளும் கூடையிலேயே கிடந்தன. புடவையும் ஒரு துணி, கைக்குட்டையும் ஒரு துணி என்றால் யார்தான் புடவையைத் தொடுவார்கள்? மறுநாள் சாயங்காலம் பீரோவில் மடித்து வைத்திருந்த கைக்குட்டைகளை எடுத்து உதறி, திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். “நாலு நாலா எண்ணிட்டேன்மா, பதினோரு ரூபா” என்றாள். அவள் என்னை ஏமாற்றவில்லை. எண்ணிக்கைக்குக் காசு என்று சொன்னது நான். அவள் எண்ணிக்கையைக் கொடுத்தாள்.

நான்காவது வாரம் என் மாமியார் அரிசி புடைக்க உட்கார்ந்தவர், சின்னவனிடம் முறத்தை எடுத்து வரச் சொன்னார். அவனுக்கு அப்போது எழுத்துக் கூட்டத் தெரியாது. ஃபிரிட்ஜ் பக்கம் ஓடிப்போய், “அக்கா, முறம் எடுக்குறது இதுல இருக்கா?” என்று கேட்டான். அன்று இரவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் செய்த பிழையை அமெரிக்காவில் 1973-லேயே ஒரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், தானாகவே விரும்பிப் படம் வரைகிற குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கிடையாது. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் ஸ்கெட்ச் பேனாவை வைத்துவிட்டுச் சும்மா கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் இப்போது வரைவதில் செலவிட்ட நேரம், மற்ற இரு குழுக்களில் ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசு கெடுக்கவில்லை, “செய்தால் கிடைக்கும்” என்ற முன்பேச்சுதான் கெடுத்தது.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தக் குழந்தைகள் வரைவதை ஏற்கெனவே விரும்பியவர்கள். பாத்திரம் துலக்குவதை யாரும் அப்படி விரும்புவதில்லை; விருப்பமே இல்லாத ஒரு வேலையைத் தொடங்கிவைக்கச் சில நாள் காசு உதவவும் செய்யலாம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு “நான், நான்” என்று வருவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அந்த ஆசைக்கு விலை வைப்பதில்தான் நஷ்டம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேலையையும் காசையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். இந்த வீட்டில் இருக்கிறோம், அதனால் வேலை. காசைக் கையாளப் பழக வேண்டும், அதனால் சனிக்கிழமை தோறும் காசு. வேலை செய்யவில்லை என்று காசை நிறுத்துவது இல்லை. நிறுத்தினால் அது மறுபடி கூலியாகிவிடும்; “சரி, இந்த வாரம் எனக்குக் காசு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு விளையாடப் போகிற உரிமையையும் நாமே கொடுத்ததாகிவிடும். வேலையைச் செய்யாவிட்டால் அந்த வேலை அப்படியே காத்திருக்கும், அவ்வளவுதான். தட்டு வைக்கிறவர் வைக்காவிட்டால் எல்லோரும் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரண்டு முறை அப்படி உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாவது முறைக்குத் தேவை வரவில்லை.

எந்த வயதில் எந்த வேலை என்று பட்டியல்கள் நிறைய கிடைக்கின்றன. ஐந்து வயதில் பொம்மை அடுக்கலாம், ஏழு வயதில் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று போகும். தப்பில்லை. ஆனால் ஏன் அந்த வயது என்பது தெரியாமல் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டால், நம் பிள்ளைக்கு அது பொருந்துகிறதா என்று நமக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் தினமும் நடக்கிற ஒரே ஒரு வேலையை எடுத்துப் பார்க்கலாம்: சோறு வடிப்பது, அல்லது குக்கரில் வைப்பது. இதற்குள்ளேயே ஐந்து வயதுக்கான வேலை முதல் பதினான்கு வயதுக்கான வேலை வரை வரிசையாக இருக்கின்றன.

ஐந்து வயதில் அரிசியை அளந்து போடலாம். கீழே ஒரு செய்தித்தாளை விரித்து, அரிசி டப்பாவையும் பாத்திரத்தையும் அதன்மேல் வைத்து, ஒரு டம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும். டம்ளரை மொண்டு, மேலே விரலால் வழித்துத் தலைதட்டி, மூன்று வரை எண்ணிப் போட வேண்டும். இந்த வயதில் நான்கைந்து வரை பிழையில்லாமல் எண்ண முடியும். மணிக்கட்டு இன்னும் தடுமாறும், சிந்தும். அதற்குத்தான் செய்தித்தாள். நான் போட்டால் அரை நிமிடம், அவன் போட்டால் ஐந்து நிமிடம். அந்த நாலரை நிமிடத்தைச் சமையலுக்கு முன்பே ஒதுக்கி வைக்காவிட்டால், “தள்ளு, நேரமாச்சு” என்று டம்ளரை நாமே வாங்கிவிடுவோம்.

ஏழு வயதில் அரிசி களையலாம். மேடைமேல் வைத்தல்ல, தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு. உட்கார்ந்து சாய்த்தால் பாத்திரத்தின் எடை தரையில் இருக்கும், குழந்தையின் கையில் இருக்காது. தண்ணீரை வடிக்கும்போது அரிசியும் சேர்ந்து போகும். விளிம்பில் உள்ளங்கையை அணைபோல வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவதும் அதே ஆளின் வேலை. இங்கே தூக்கும் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிப் பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020-இல் மத்திய அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. அதே அளவையே வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாத்திரம் போதும். நிறைகுடமும் தண்ணீர் கேனும் அந்த வயதுக்கு ஆகாது.

ஒன்பது வயதில் தண்ணீர் வைக்கலாம். இதை ஏன் ஐந்து வயதில் கொடுக்கக் கூடாது என்பதற்கு அழகான காரணம் ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே காட்டியது அது. அகலமான டம்ளரில் இருக்கும் தண்ணீரைக் குழந்தையின் கண்முன்னாலேயே ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். ஐந்து வயதுக் குழந்தை உயரமானதில்தான் அதிகம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும். அளவு மாறவில்லை என்பது ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபடத் தொடங்குகிறது. ஆகவே அகலப் பாத்திரத்தில் சரியான அளவு தண்ணீர் வைத்தாலும் சின்னக் குழந்தைக்கு அது குறைவாகவே தெரியும், இன்னும் ஊற்றும். ஒன்பது வயதில் அந்தக் குழப்பம் தீர்ந்திருக்கும். குக்கருக்குப் பச்சரிசி ஒன்றுக்கு இரண்டு, புழுங்கலரிசி ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று என்று டம்ளர் கணக்கில் சொல்லிக்கொடுங்கள். அரிசிக்கு மேலே விரலின் முதல் ரேகை வரை தண்ணீர் என்ற நம் வீட்டுப் பெரியவர்களின் அளவைச் சொல்லாதீர்கள். அது அவர்கள் விரலுக்கான அளவு. ஒன்பது வயது விரலின் முதல் ரேகையில் சோறு விரைத்துப்போகும். என் மகள் அப்படி ஒரு நாள் வைத்த சோற்றை எல்லோரும் ரசம் நிறைய ஊற்றிச் சாப்பிட்டோம்.

அடுப்பைப் பற்ற வைப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில். இதில் வயதைவிட முழங்கை முக்கியம். அடுப்பு மேடையின் முன் பிள்ளையை நிற்க வையுங்கள். கை தொங்கும்போது முழங்கை மேடைக்கு மேலே இருக்க வேண்டும். ஏழு வயதில் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரம் இருக்கிற பிள்ளைக்கு முழங்கை மேடைக்குக் கீழேதான் நிற்கும். அடுப்பும் அதன்மேல் பாத்திரமும் வந்தால் நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேரே வரும். கையைத் தூக்கிக் கொதிப்பதைக் கிளற வேண்டியிருக்கும். சட்டை நுனி தீயின் மேலே போகும். முக்காலி போட்டு ஏற்றி நிற்க வைப்பது இன்னும் மோசம், ஏனென்றால் சறுக்கினால் பிடிக்கக் கை போகிற இடம் அடுப்புதான்.

முழங்கை எட்டிய பிறகு குக்கருக்கு நான் வைத்திருக்கும் பாடம் இது. மூடியின் ஆவித் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், மறுபக்கம் தெரிய வேண்டும். உள்பாத்திரம் வைப்பதானால் குக்கரின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார். மூடிய பிறகு துளை வழியே ஆவி நேராக வந்ததும் வெயிட்டைப் போடு. விசில் எண்ணி அணைத்த பின், வெயிட்டைத் தொட்டுத் தூக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தம் வந்தால் இன்னும் காத்திரு. அவசரத்துக்குக் குழாயடியில் காட்டி ஆவி அடக்குவதை நான் செய்கிறேன். அவள் செய்யக் கூடாது. பருத்தி உடை, தொங்காத துப்பட்டா, பின்னிய தலை. கைப்பிடியுள்ள பாத்திரமானால் பிடி மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சூடு பட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசையோ மையோ ஐஸ்கட்டியோ வைக்கக் கூடாது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை மட்டும் பதினான்கு வயது வரை தள்ளிவைத்திருந்தோம்.

சமையலறைக்கு வெளியே வயது பார்க்காமல் விலக்கி வைக்க வேண்டியது ஒன்றுதான்: கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும், கழுவுகிற வேலை யார் பங்காக இருந்தாலும்.

வேலையைக் கற்றுக்கொடுக்கிற முறையில் பெரும்பாலும் நாம் கோட்டைவிடுவது முடிவைச் சொல்லாமல் விடுவதில். “ரூமைச் சுத்தம் பண்ணு” என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு அது வேலையே அல்ல, ஒரு சத்தம். எது சுத்தம்? “தரையில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது, புத்தகம் எல்லாம் ஷெல்ஃபில் நிற்க வேண்டும்” என்றால் முடிந்ததா இல்லையா என்று குழந்தைக்கே தெரியும். நாம் போய்ச் சரிபார்க்க வேண்டாம். முதலில் நாம் செய்வதை அது பார்க்கட்டும். பிறகு சேர்ந்து செய்யலாம். பிறகு அது செய்யட்டும், நாம் பக்கத்தில் நிற்கலாம். அதன் பிறகுதான் தனியாக. ஒவ்வொரு கட்டமும் சில நாளில் தாண்டும், சில வேலைக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

அடுத்த கோளாறு என்னுடையது, அதனால் நன்றாகவே தெரியும். மகள் மடித்து வைத்த படுக்கை விரிப்பை, அவள் அந்தப் பக்கம் போனதும் பிரித்து நான் திரும்ப மடிப்பேன். மூலை மூலையோடு சேராவிட்டால் எனக்கு மனசு ஒப்பாது. ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் விரிப்பைச் சுருட்டிக் கூடையில் போட்டாள். கேட்டதற்கு, “நீங்கதான் மறுபடி மடிப்பீங்களே” என்றாள். பிள்ளை செய்த வேலையைப் பின்னால் போய்த் திருத்தினால், அந்த வேலை அதற்குத் தேவையில்லை என்று நாமே சொல்வதாக ஆகிவிடுகிறது. சகிக்க முடியாத அளவுக்கு மோசமாக இருந்தால் கூப்பிட்டு, அதன் கையாலேயே திரும்பச் செய்ய வைக்கலாம். மற்றபடி கோணலாக மடித்த விரிப்பை அப்படியே பீரோவில் வைக்க நான் பழக வேண்டியிருந்தது.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வயதில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒன்பது பத்து வயதில் இருபது நிமிடம், பதின்மூன்றுக்கு மேல் அரைமணி முதல் முக்கால் மணி. இது எங்கள் வீட்டு அனுபவத்தில் தேறிய அளவு. பரீட்சை வாரத்தில் பாதியாகக் குறைப்போம், முழுக்க நிறுத்த மாட்டோம்.

இன்னொரு வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். தன் தட்டைக் கழுவுவது, தன் பையை அடுக்குவது, தன் படுக்கையை மடிப்பது எல்லாம் தன் வேலை. எல்லோருக்கும் தட்டு வைப்பது, எல்லோர் துணியையும் மடிப்பது, வாசல் பெருக்குவது வீட்டு வேலை. முதல் வகையோடு நின்றுவிட்ட பிள்ளை, தன் தட்டு கழுவியாகிவிட்டது, இனி யார் தட்டு எப்படிக் கிடந்தால் என்ன என்று போய்விடும். பார்பரா ரோகாஃப் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக் குடும்பங்களில் இதைப் பார்த்தார்கள். பூர்வகுடி மரபில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலரும், யாரும் சொல்லாமலே பொது வேலையை எடுத்துச் செய்தார்கள். படித்த நகரத்துக் குடும்பங்களின் பிள்ளைகளில் அப்படிச் செய்தவர்கள் குறைவு. பூர்வகுடி வீடுகளில் மிகச் சின்ன வயதிலேயே, வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று குழந்தையைப் பெரியவர்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். நடக்கிற வேலையைக் கவனித்துத் தானாக வந்து கைகொடுக்கிற குணத்துக்கு அங்கே ‘அகொமெதீதோ’ என்று ஒரு சொல்லே உண்டு. நம் ஊரில் ‘குறிப்பறிந்து செய்கிற பிள்ளை’ என்று சொல்வது ஏறக்குறைய அதைத்தான்.

ஆனால் நம் ஊரில் அந்தப் பாராட்டைப் பெண் பிள்ளைகள்தான் அதிகம் வாங்குகிறார்கள், அது எனக்கு வருத்தம். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுவதும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதும் தெரிந்தது. இந்த இடைவெளி கல்யாணத்தன்று தொடங்குவதில்லை. சாப்பிட்டு எழுந்த தம்பியின் தட்டை அக்கா எடுக்கிற அன்று தொடங்குகிறது. எங்கள் வீட்டிலும் தொடங்கியது. “அவன் சின்னப் பையன்தானே, நீ எடுத்துடும்மா” என்று மாமியார் சொல்வார். மகள் ஒரு நாள் திருப்பிக் கேட்டாள்: “அப்பத்தா, நான் அஞ்சு வயசுல எடுத்தேன்ல?” அதன் பிறகு ஒரு வழி செய்தோம். வேலையை ஆளுக்குக் கொடுக்காமல் வயதுக்குக் கொடுத்தோம். ஐந்து வயதில் அக்கா செய்த வேலையைத் தம்பி ஐந்து வயதில் செய்ய வேண்டும். அக்கா அடுத்ததற்கு ஏறிவிடுவாள். அவனுக்கு அரிசி டம்ளர் கைக்கு வந்தது அப்படித்தான்.

இனி காசு. ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் நீட்டினால் பெரும்பாலும் இரண்டு நாணயங்களைத்தான் எடுக்கும். டம்ளர் தண்ணீரில் உயரம் ஏமாற்றியது போல, இங்கே எண்ணிக்கை ஏமாற்றுகிறது. அதனால் இந்த வயதில் சில்லறையாகவே கொடுக்க வேண்டும். சின்னவனுக்கு வாரம் பத்து ரூபாய், பத்து ஒரு ரூபாய் நாணயங்களாகக் கொடுத்தோம். மண் உண்டியல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். போடப் போட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, எடுக்க உடைக்க வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போலக் கண்ணாடி பாட்டில் இருந்தால் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். கடையில் நாம் போனைக் காட்டி ஸ்கேன் செய்கிற காலத்தில் பிள்ளைக்குக் காசு குறைவதே தெரிவதில்லை. பொருள் வருகிறது, எதுவும் போகவில்லை. அதனாலேயே அவனோடு கடைக்குப் போகிற நாளில் நான் சில்லறை எடுத்துப் போவேன்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு அடுத்த வீட்டைப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு மாதம் முழுக்க, பிள்ளை கேட்டு நீங்கள் வாங்கிக் கொடுத்த சின்னச் சின்னதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். மகளுக்கு ஒன்பது வயதில் நான் எழுதியபோது நான்கு வாரத்தில் 312 ரூபாய் வந்தது. பத்து ரூபாய் பாக்கெட்டுகள், ஸ்டிக்கர், வாசனை ரப்பர், கோன் ஐஸ், தோழி பிறந்த நாளுக்கு ஒரு பேனா. வாரத்துக்கு 78 ரூபாய். இதில் பேனா பென்சில் போன்ற பள்ளித் தேவைகளும் வெளியே போகும்போது எல்லோருக்குமாக வாங்குகிற ஐஸும் வீட்டுச் செலவு என்று கழித்தேன். மீதி ஏறக்குறைய ஐம்பது. அதை வாரந்தோறும் சனிக்கிழமை காலை அவள் கையில் கொடுத்து, இனி பாக்கெட், ஸ்டிக்கர், தோழிக்குப் பரிசு எல்லாம் உன் பொறுப்பு என்றேன். எங்கள் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. முடிவெடுக்கிற ஆள் மட்டும் மாறினாள்.

முதல் மூன்று வாரமும் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஐம்பதும் காலி. புதன்கிழமை பள்ளி வாசலில் மாங்காய் கீற்று விற்றபோது கையில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் பெரியவர்கள் வழுக்குகிறோம். நான் கொடுக்கவில்லை, ஆனால் அப்பத்தா சுருக்குப்பையைத் திறந்துவிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிப் பிறகு, “அத்தை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீங்க கொடுக்கறதை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன். நடுவில மட்டும் வேண்டாம், அவ கணக்கு கெட்டுப்போகுது” என்றேன். கொஞ்சம் முகம் வாடினார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஐந்தாவது வாரம் மகள் தானாகவே இருபது ரூபாயைப் புதன்கிழமைக்கு என்று தனியே எடுத்து வைத்தாள். பிறகு ஒரு முறை தோழி பிறந்த நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே சேர்த்தாள். மூன்று வாரம் என்பது அந்த வயதுக்கு நீண்ட காலம். ஐந்து வயதில் அடுத்த சனிக்கிழமையே ரொம்ப தூரம்.

கொடுப்பது கூடவா குறைவா என்பதைப் பிள்ளையே காட்டிக் கொடுத்துவிடும். ஜியாமெட்ரி பாக்ஸிலும் பை ஓரத்திலும் காசு மறந்து கிடந்தால் கூடுதல். எவ்வளவு யோசித்துச் செலவு செய்தாலும் எதையும் சேர்க்கவே முடியவில்லை என்றால், அல்லது எப்போதும் தோழியிடம் கடன் வாங்கினால், குறைவு.

வேலை செய்து சம்பாதிப்பது என்ன என்றும் தெரிய வேண்டும்தான். அதற்கு வீட்டுக்குள் கூலி போடுவதைவிட வெளியிலிருந்து வருகிற காசு நல்லது. எங்கள் வீட்டில் பழைய பேப்பர் பிள்ளைகள் பொறுப்பு. மாதம் முழுக்க அடுக்கி, கட்டி, பழைய பேப்பர் கடைக்கு அப்பாவோடு போய்த் தராசு முள்ளைப் பார்த்து வாங்கி வருவார்கள். வந்தது அவர்களுக்கு, ஆளுக்குப் பாதி. முதல் தடவை 14 கிலோ, கிலோ 12 ரூபாய், 168. நனைந்த கட்டைக் கடைக்காரர் எடுக்க மறுத்துவிட்டார் என்று சின்னவன் வந்து சொன்னான். அதிலிருந்து பேப்பரை பால்கனியில் வைப்பதில்லை.

பத்து வயது நிரம்பியதும் பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம். குறைந்தது 500 ரூபாய் கட்ட வேண்டும். பல வங்கிகளிலும் இதே வயதில் முடியும். இந்த வருடம் சின்னவனுக்குப் பத்து வயது ஆனது. பாட்டிலில் இருந்ததும் பொங்கலுக்குக் கிடைத்ததுமாக 540 சேர்ந்திருந்தது. வட்டி நூற்றுக்கு நான்கு என்று கேட்டுவிட்டு, வருடம் முழுக்க வைத்தால் இருபது ரூபாய்தானா என்று ஏமாந்துபோனான். ஆமாம், இருபதுதான் என்றேன். வாரம் ஐந்து ரூபாய் எடுத்து வைத்தால் வருடத்தில் அதுவே 260 ஆகும் என்று அவன் அக்கா நோட்டில் பெருக்கிக் காட்டினாள்.

அவளுக்கு இப்போது பதினான்கு. வாரக் காசு மாதக் காசாக மாறிவிட்டது; செருப்பு, தலைக்கு வாங்குவது, தோழிகளோடு வெளியே போவது எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்குப் போய் வாரக் காய்கறி வாங்குவதும் அவள் பங்கு வேலை. முந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்புகிறேன். மீதி வந்தால் அது வீட்டுப் பணம், திரும்ப வந்துவிடும். சென்ற வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது. பாதி தக்காளி வாங்கி, மீதிக்குப் புளியை நம்பி முருங்கைக்காயும் சுண்டைக்காயும் எடுத்து வந்திருந்தாள். தம்பி பையை வாங்கிப் பிரித்து, அழுகல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டில் அடுக்கினான். வத்தக்குழம்புக்கு அரிசி நாலு டம்ளரா மூணா என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.